பெட் 100 டிகிரியைத் தொட மறுத்தால்: சிலிக்கோன் ஹீட்டர் பேட் பொருத்தும் விதம்

3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் அச்சிடும்வரை இந்தக் குறை கண்ணில் படாது. அச்சிடும் பொருள் உட்காரும் சூடான தட்டான பெட் 60 டிகிரிக்குப் போனால் போதும். எந்த மெஷினும் போய்விடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சுருளை மாட்டி 105 டிகிரி வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. 80 வரை ஒழுங்காக ஏறுகிறது. 90-ஐத் தாண்ட இழுக்கிறது. 96, 97-இல் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. சில மெஷின்களில் `Heating Failed` என்று திரையில் வந்து எல்லாமே அணைந்துவிடும்.

ஏபிஎஸ் 105 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும். பெட் அந்த அளவில் இருந்தால் கீழ் அடுக்குகள் லேசாக இளகிய நிலையிலேயே இருந்து பிடிமானம் விடாது. பெட் 85-இல் நின்றுவிட்டால் அந்த அடுக்குகள் இறுகிச் சுருங்கும், மூலைகள் மேலே தூக்கும். பசையும் ஹேர் ஸ்ப்ரேயும் போட்டுச் சிறிய பொருளைக் காப்பாற்றலாம். 20 சென்டிமீட்டர் நீளப் பொருளைக் காப்பாற்ற முடியாது.

இந்தக் குறைக்குப் பேர்போனது கிரியாலிட்டி நிறுவனத்தின் முதல் சிஆர்-10 பிரிண்டர். 300க்கு 300 மில்லிமீட்டர் அச்சிடும் பரப்பு, அதற்கு 12 வோல்ட் மின்சாரம். அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 24 வோல்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கின் போக்கு இதேதான், எண்கள்தான் மாறும்.

ஏன் 97-இல் நிற்கிறது?

பெட்டுக்குள் ஒரு பக்கம் வெப்பம் போகிறது, இன்னொரு பக்கம் காற்றில் கசிகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல: மட்டம் உயர உயர ஓட்டை வழியாகப் போகும் வேகமும் கூடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும்.

இப்போது எண்களைப் போடுவோம். 310 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியத் தட்டின் எடை சுமார் 780 கிராம். அதன்மேல் 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 960 கிராம். இரண்டையும் சேர்த்து ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1,500 ஜூல் தேவை. அறை 30 டிகிரி என்றால் 105-ஐ அடைய 75 டிகிரி ஏற்ற வேண்டும்.

கசிவையும் பார்ப்போம். திறந்த வெளியில் இருக்கும் இந்த அளவுத் தட்டு, அறையைவிட 75 டிகிரி சூடாக இருக்கும்போது மேல், கீழ் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 145 வாட்டை இழக்கும். மின்விசிறி ஓடினால் இன்னும் அதிகம்.

பழைய ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது 220 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 220-இல் 145 போனால் 75 மிச்சம், போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த ஹீட்டர் செம்புத் தடங்களால் ஆனது. செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். 75 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 29 சதவீதம். வோல்ட் அதேதான், தடை கூடிவிட்டது, ஆகவே 220 வாட் 170 வாட்டாகக் குறைந்துவிடும். மிச்சம் வெறும் 25 வாட். 1,500 ஜூல் கேட்கும் பெட்டுக்கு 25 வாட் என்றால் ஒரு டிகிரி ஏற ஒரு நிமிடம். மொத்தமாக 105-ஐத் தொட 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அந்த 25 வாட்டும் உறுதியில்லை. 12 வோல்ட்டில் 220 வாட் என்றால் 18 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. வயரிலும் கனெக்டரிலுமாக அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக இழந்தாலே பெட்டுக்குப் போகும் வாட் பத்தில் ஒரு பங்கு குறையும். அப்போது மிச்சம் 10 வாட்டுக்கும் கீழே. காற்று கொஞ்சம் அடித்தால் அதுவும் போச்சு. பெட் 97-இல் நின்றுவிடும். `Heating Failed` வருவதற்கும் இதுதான் காரணம். மெஷினை இயக்கும் மென்பொருளான மார்லின் ஃபர்ம்வேரின் வழக்கமான அமைப்பில், பெட் சூடேறும்போது 60 விநாடிக்குள் 2 டிகிரியாவது ஏற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும் பெட்டை, ஹீட்டர் கழன்றுவிட்டது என்று அது முடிவுகட்டி நிறுத்திவிடுகிறது. ஃபர்ம்வேர் செய்வது சரிதான். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு வேலையை ஓட்ட நினைக்காதீர்கள்.

பேட் வாங்கும் முன்

மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், பழைய ஹீட்டருக்குப் பதிலாகப் போடும் சிலிக்கோன் பேட் எல்லாருக்கும் தேவையில்லை என்பதும் புரியும். பெட் 95 வரை வருகிறது என்றால் நீங்கள் தோற்பது 10, 20 வாட்டில்தான். அதை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது.

முதலில் பெட்டின் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, பெட் சூடேறும்போதே வோல்ட்டை அளந்து பாருங்கள். பவர் சப்ளையின் வாயில் 12 இருக்க, பெட்டில் 11.3 வந்தால் வயரோ திருகோ கனெக்டரோ தின்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்த இடம்தான். அதைச் சரிசெய்வது எப்படியும் அவசியம், ஏனென்றால் தீப்பிடிப்பது அங்கேதான் தொடங்கும். அப்புறம் தட்டின் அடியில் கார்க் தகடோ, வெப்பம் தாங்கும் நுரைத் தகடோ ஒட்டினால் கீழ்ப்பக்கக் கசிவு பாதிக்கு மேல் குறையும். மெஷினைச் சுற்றி ஒரு பெட்டி அமைத்தால் மேல்பக்கமும் குறையும். ஏபிஎஸ்ஸுக்குப் பெட்டி எப்படியும் வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் 20 நிமிடக் காத்திருப்பு பொறுக்கவில்லை, அல்லது பெட் 90-ஐயே தாண்டவில்லை என்றால் பேட் பக்கம் போகலாம்.

எத்தனை வாட், எத்தனை வோல்ட்

சிலிக்கோன் பேட் என்பது இரண்டு சிலிக்கோன் ரப்பர் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பதித்த மெல்லிய மின்தடைச் சுருள்தான். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், பின்பக்கம் ஒட்டும் பசை, ஓரத்தில் இரண்டு வயர், பெரும்பாலும் நடுவில் சூட்டை அளக்கும் ஒரு தெர்மிஸ்டர். சுருள் பரப்பு முழுவதும் படர்ந்திருப்பதால் சூடும் சமமாகப் பரவும்.

பெட்டுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் பார்ப்பது நல்லது. 0.4 முதல் 0.5 வாட் வரை நிம்மதியான அளவு. 300க்கு 300 பேட்டின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர், ஆக 450 வாட் வாங்கலாம். இதே அளவில் 750 வாட் பேட்டும் விற்கிறார்கள், பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். 3 மில்லிமீட்டர் தட்டில் அதைப் போட்டால் அடிப்பக்கம் சீக்கிரம் சூடேறி, மேல்பக்கம் பின்தங்கி, தட்டு வளையும். கட்டுப்பாடு கைவிட்டுப் போனால் எகிறும் வேகமும் அதற்கேற்ப அதிகம். அந்த இரண்டு நிமிட லாபத்துக்கு இது ஏற்ற பேரம் இல்லை.

450 வாட் பேட், அடியில் நல்ல காப்பு என்று வைத்துக் கணக்கிட்டால் 30-இலிருந்து 105-க்கு 5 நிமிடத்தில் போய்விடும். பேட்டின் சுருள் செம்பு அல்ல, நிக்கல் குரோம் போன்ற மின்தடை உலோகம். சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறாது. ஆகவே கடைசிப் பத்து டிகிரியில் அது தளர்ந்துபோவதில்லை. எனக்கு அந்த 5 நிமிடத்தைவிட இந்தக் குணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

வோல்ட் விஷயத்துக்கு வருவோம். 450 வாட்டை 12 வோல்ட்டில் தர 37 ஆம்பியர் வேண்டும். மெஷினோடு வந்த சப்ளையும் போர்டும் அதைத் தாங்காது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் குறைவு. அதனால்தான் பெரிய பெட்டுக்கு எல்லாரும் 230 வோல்ட் பேட் போடுகிறார்கள். வாங்கும்போது பேட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 110 வோல்ட் பேட்டை இங்கே செருகினால் நான்கு மடங்கு வாட் பாயும். வந்ததும் வயர் முனைகளில் தடையை அளந்து பாருங்கள்: 230 வோல்ட், 450 வாட் பேட் 118 ஓம் அளவில் காட்ட வேண்டும். 30 ஓம் காட்டினால் அது 110 வோல்ட் சரக்கு, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, பெட்டின் மட்டம் சரிசெய்யும் திருகுகள் தட்டின் ஓரத்திலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். பேட்டில் அந்த இடங்களில் துளையோ வெட்டோ இருக்க வேண்டும். அளந்து, துளையோடு செய்து வாங்குங்கள். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டினால் உள்ளே ஓடும் சுருளும் வெட்டுப்படும்.

230 வோல்ட் வயரிங் இதுவரை செய்ததில்லை என்றால், அந்தப் பகுதியை மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பேட்டை ஒட்டுவது, ஃபர்ம்வேர் பார்ப்பதெல்லாம் நீங்களே செய்யலாம்.

மின்சாரம் போகும் பாதை

போர்டால் 230 வோல்ட்டை நேரடியாக அணைத்துப் போட முடியாது. அதற்கு நடுவில் எஸ்எஸ்ஆர் என்ற சாலிட் ஸ்டேட் ரிலே வேண்டும். போர்டில் பெட்டுக்குப் போன பழைய 12 வோல்ட் முனைகளை எஸ்எஸ்ஆரின் டிசி பக்கத்தில், கூட்டல் கழித்தல் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதுவரை 18 ஆம்பியர் சுமந்த அந்த முனைகள் இனிச் சில மில்லிஆம்பியர் சுமந்தால் போதும். பவர் சப்ளைக்கும் பெரிய பாரம் குறைகிறது.

ஏசி பக்கம் இப்படிப் போக வேண்டும்: மெஷினின் ஸ்விட்சுக்குப் பின்னால் ஃபேஸ், அங்கிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு எஸ்எஸ்ஆர், பிறகு தெர்மல் ஃபியூஸ், பிறகு பேட், கடைசியில் நியூட்ரல். எஸ்எஸ்ஆர் ஃபேஸில்தான் இருக்க வேண்டும், நியூட்ரலில் அல்ல. எஸ்எஸ்ஆர் அணைந்திருந்தாலும் அதன் வழியே சிறிது மின்சாரம் கசியும். ஆகவே பெட்டில் கைவைக்கும் முன் பிளக்கையே பிடுங்குவதுதான் முறை. ஓம்ரான் போன்ற நம்பகமான நிறுவனத்தின் 10 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் இந்த வேலைக்குத் தாராளம். சந்தையில் 25, 40 ஆம்பியர் என்று அச்சடித்த போலிகள் நிறைய. மேலே அச்சடித்த எண்ணை நம்ப முடியாது. 2 ஆம்பியரில் எஸ்எஸ்ஆர் 3 வாட் அளவுக்குத்தான் சூடாகும், ஓர் உலோகப் பரப்பில் திருகி வைத்தால் போதும்.

தெர்மல் ஃபியூஸ் எதற்கு என்று கேட்கலாம். எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். போர்டு அணை என்று சொன்னாலும் அது அணையாது. ஃபர்ம்வேர் தவறைக் கண்டுபிடித்துக் கத்தினாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 450 வாட் தொடர்ந்து பாய்ந்தால் இந்தத் தட்டு 250 டிகிரியையும் தாண்டும் என்று அதே கணக்கு சொல்கிறது. பேட்டின் பின்புறம் பெரும்பாலும் இருக்கும் 3எம் 468எம்பி பசை நீண்டநேரம் தாங்குவது 149 டிகிரி வரைதான். அதற்குக் கீழே, யார் தயவும் இல்லாமல் தானே அறுந்துவிடும் ஒன்று வேண்டும். அதுதான் தெர்மல் ஃபியூஸ்.

பெட்டை 105-இல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 140 டிகிரியை ஒட்டிய ஃபியூஸ் எடுங்கள். 115, 120 வாங்கினால் தொல்லை: எந்தத் தெர்மல் ஃபியூஸும் தன் அறுபடும் அளவுக்குப் பல டிகிரி கீழே வரைதான் காலத்துக்கும் தாங்கும், அதன் விவரத் தாளில் அந்த எண் தனியாகக் கொடுத்திருப்பார்கள். அந்த எண் 105-க்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் காரணமே இல்லாமல் அறுந்து நிற்கும்.

இதைப் பொருத்துவதில் இரண்டு நுணுக்கம். ஒன்று, சால்டர் வைக்காதீர்கள். சால்டரிங் அயர்னின் சூடு கம்பி வழியாக ஏறி ஃபியூஸை அங்கேயே அறுத்துவிடும். கிரிம்ப் குழல் போட்டு நசுக்குங்கள். இரண்டு, இந்தச் சிறிய உலோக உருளையின் வெளி உடல் பெரும்பாலான வகைகளில் ஒரு முனையோடு இணைந்தே இருக்கும். அதாவது அந்த உடலிலேயே 230 வோல்ட் இருக்கும். அதை வெறுமனே அலுமினியத்தில் வைத்து அழுத்தினால் தட்டுக்கே மின்சாரம் கொடுத்த மாதிரி. கண்ணாடி இழை உறை போட்டு, கேப்டன் டேப்பும் சுற்றி, பேட் மறைக்காத இடத்தில் தட்டின் அடியில் ஒரு சிறு கிளிப்பால் இறுக்குங்கள்.

அடுத்தது எர்த். இதை விட்டுவிட்டு பேட் போடவே கூடாது. தட்டில் ஒரு துளை போட்டு, பல் வாஷர் வைத்து, வளைய லக்கோடு பச்சை வயரைத் திருகி, பிளக்கின் எர்த் முனைவரை கொண்டுபோக வேண்டும். மெஷினின் சட்டத்துக்கும் இதேபோல் தனி வயர். பெட் உருளைச் சக்கரங்களில் ஓடுவதால் சட்டத்தின் எர்த் தட்டுக்கும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நடுவில் பிளாஸ்டிக்தான் இருக்கிறது. அலுமினியச் சட்டத்தின் நிறப்பூச்சும் மின்சாரத்தைக் கடத்தாது, சுரண்டிவிட்டுத்தான் லக் வைக்க வேண்டும். முடித்ததும் தட்டுக்கும் பிளக்கின் பெரிய முள்ளுக்கும் இடையில் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

அந்தப் பெரிய முள் போய்ச் செருகும் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் இருந்து, வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இருந்தால், வயர் எங்காவது உரசித் தட்டைத் தொட்ட நொடியே மின்சாரம் துண்டிக்கும்.

ஒட்டுவது

பழைய தட்டில் ஹீட்டர் ஒட்டியோ பதித்தோ இருக்கும். அதன்மேலேயே பேட்டை ஒட்டச் சிலர் சொல்வார்கள். அந்தப் பரப்பில் சால்டர் மேடுகள் இருக்கும், நடுவில் காற்று நிற்கும். அதே அளவில், துளையிட்ட வெறும் அலுமினியத் தட்டு ஒன்றை வாங்கி அதில் ஒட்டுவதே என் பரிந்துரை. பழையது பத்திரமாக இருக்கும், சரிவரவில்லை என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

காற்றுக்குமிழி ஏன் ஆபத்து என்பதைப் புரிந்துகொண்டால் ஒட்டும்போது தானாகவே நிதானம் வரும். பேட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் அரை வாட்டைத் தந்துகொண்டே இருக்கிறது. தட்டைத் தொடும் இடத்தில் அந்தச் சூடு அலுமினியத்துக்குள் போய்விடும். குமிழி இருக்கும் இடத்தில் போக்கிடம் இல்லாமல் பேட்டிலேயே தேங்கும். அந்த இடம் மட்டும் பழுப்பாகி, பசை உரிந்து, குமிழி பெரிதாகி, கடைசியில் சுருள் அங்கே அறும். பேட்டைத் தட்டில் ஒட்டாமல் சும்மா மேஜையில் வைத்துச் சோதிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. தட்டு குளிர்ந்திருந்தால் வெயிலில் வைத்து லேசாகச் சூடாக்கலாம், பசை நன்றாகப் பிடிக்கும். முதலில் பசைத்தாளை உரிக்காமல் பேட்டை வைத்து, துளைகள் பொருந்துகின்றனவா, வயர் வெளிவரும் பக்கம் மெஷினின் பின்பக்கமா என்று பார்த்து, ஓரங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலம் தாளை உரித்து, குறியில் வைத்து ஒட்டி, உருளையால் அழுத்திக்கொண்டே தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இந்தப் பசை ஒருமுறை பிடித்தால் விடாது. தூக்கி மறுபடி ஒட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். முடிந்ததும் சமமான பலகை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி விடுங்கள். 468எம்பி பசை முழு வலுவை அடைய அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அன்றைக்கே சூடேற்றுபவர்களின் பேட்தான் பெரும்பாலும் ஓரம் உரியும். கூடுதல் பாதுகாப்புக்குச் சுற்று ஓரத்தில் வெப்பம் தாங்கும் ஆர்டிவி சிலிக்கோனை மெல்லிய கோடாக இழுத்துவிடலாம்.

சிஆர்-10 மாதிரியான மெஷினில் பெட்டே முன்னும் பின்னும் ஓடும். அதாவது 230 வோல்ட் வயர் நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது. இதற்கு நெகிழ்வான, பல இழை கொண்ட, சிலிக்கோன் உறை வயர்தான் வேண்டும். பேட்டிலிருந்து வயர் வெளிவரும் மேட்டில் துளி இழுப்பும் விழக்கூடாது. பெட்டைத் தாங்கி ஓடும் கேரியேஜில் ஒரு கிளாம்ப் போட்டு, அதற்கும் பேட்டுக்கும் நடுவில் தளர்வு விடுங்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டால், என்றாவது வயர் இழுபட்டுப் பிய்ந்தாலும் எர்த் கடைசியாகத்தான் பிய்யும். பழைய பெட் கேபிளையும் அதன் கனெக்டரையும் 230 வோல்ட்டுக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள், அவை அதற்காகச் செய்தவை அல்ல. டெர்மினலில் செருகும் வயர் முனைக்குச் சால்டர் பூசாமல் ஃபெரூல் போடுங்கள். சால்டர் பூசிய முனை திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும்.

ஃபர்ம்வேரும் முதல் சூடும்

பேட்டுக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் பெரும்பாலும் 100 கிலோ ஓம், பீட்டா 3950 வகை. மார்லினில் அதற்கான எண் 11. பழைய எண்ணிலேயே விட்டால் அளவீடு சில டிகிரி விலகும்.

```
#define TEMP_SENSOR_BED 11
#define THERMAL_PROTECTION_BED
```

இரண்டாவது வரிக்கு முன்னால் `//` இருந்தால் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்கிவிட்டு ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். சூட்டைச் சீராக வைக்கும் `PIDTEMPBED` வசதியும் இருந்தால் `M303 E-1 S105 C8 U1` கொடுத்து, முடிந்ததும் `M500` போட்டுச் சேமிக்கலாம். 450 வாட் பெட் பழைய அமைப்பில் 105-ஐத் தாண்டி ஏறி இறங்கும், இதற்குப் பிறகு அது அடங்கும்.

பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரால் மூன்று அளவு: பேட்டின் இரு வயருக்கும் இடையே 118 ஓம் அளவில், வயருக்கும் தட்டுக்கும் இடையே இணைப்பே இல்லை, தட்டுக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் இருந்தால் இரண்டாவது அளவை அதில் எடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சிறு பேட்டரிக்குத் தெரியாத கசிவு அதில் தெரியும்.

முதலில் எந்தச் சூடும் கொடுக்காமல் மெஷினை ஆன் செய்து பத்து நிமிடம் பாருங்கள். பெட் அறை வெப்பத்திலேயே இருக்க வேண்டும். எஸ்எஸ்ஆரின் விளக்கு அணைந்திருக்கும்போதே பெட் சூடேறினால் எஸ்எஸ்ஆர் பழுது. பிறகு 50, அடுத்து 80, அதன்பின் 105 என்று ஏற்றுங்கள். ரப்பர் வாடை முதல் தடவை லேசாக வரும், அது இயல்பு. ஒரே இடத்திலிருந்து புகை வந்தால் அங்கே குமிழி இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

பாதுகாப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி: பிளக்கைப் பிடுங்கி, எஸ்எஸ்ஆரின் டிசி பக்கத்து வயர் ஒன்றைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து பெட்டுக்கு 60 டிகிரி கொடுங்கள். பெட் ஏறாது. ஒரு நிமிடம் போனதும் `Heating Failed` வர வேண்டும். வராவிட்டால் ஃபர்ம்வேர் பாதுகாப்பு இல்லாமல் ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் இந்த பேட்டோடு அச்சிடாதீர்கள்.

வேகமாகச் சூடேறும் பெட்டில் புதிதாக வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். திரையில் 105 வந்ததும் அச்சைத் தொடங்குவீர்கள், மூலை மறுபடியும் தூக்கும். தெர்மிஸ்டர் பேட்டுக்குள், தட்டின் அடியில் இருக்கிறது. மேலே இருக்கும் கண்ணாடி பின்தங்கி வருகிறது. அந்த நேரத்தில் கண்ணாடியின் மேல்பரப்பை அளந்தால் 90-கூட இருக்காது. பழைய ஹீட்டர் 20 நிமிடம் எடுத்துக்கொண்டதால் இந்த இடைவெளி தெரியாமலே இருந்தது. 105 வந்தபின் பெட்டியை மூடி இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அதன்பிறகும் கண்ணாடியில் 5 டிகிரி குறைவாகவே இருந்தால் பெட்டை 110-க்கு வைத்து ஓட்டலாம், 140 டிகிரி ஃபியூஸ் பொதுவாக அதற்கும் இடம் கொடுக்கும். அதன் விவரத் தாளில் உள்ள தாங்கும் எண்ணை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் சரிசெய்வதும் இந்தச் சூட்டில்தான். 310 மில்லிமீட்டர் அலுமினியம் 75 டிகிரி ஏறினால் அரை மில்லிமீட்டர் நீளும், நான்கு மூலையும் திருகில் பிடிபட்டிருப்பதால் அந்த நீட்சி நடுவைச் சற்றுத் தூக்கவோ இறக்கவோ செய்யும். குளிர்ந்த பெட்டில் வைத்த மட்டம் 105-இல் நிற்காது.